60 அழைப்புகளின் கணக்கு

சனிக்கிழமை மாலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பியபோது, என் சித்தி மகள் வாசலிலேயே காத்திருந்தாள். கிள்ளானிலிருந்து கோமுட்டர் ரயில் ஏறி வந்திருந்தாள். கையில் ஒரு மடிக்கணினி, நுனி மடங்கிய ஒரு நீல நோட்டுப் புத்தகம். “அக்கா, வியாழக்கிழமை எனக்கு இன்டர்வியூ. ரோல் பிளே இருக்குன்னு சொல்லிட்டாங்க. நீங்கதான் தினமும் பேசுறவங்க, சொல்லிக் குடுங்க” என்றாள்.

வேலை ‘இன்சைட் சேல்ஸ்’. கடை கடையாக ஏறி இறங்காமல், அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே தொலைபேசி, காணொளி அழைப்பு, மின்னஞ்சல், வாட்ஸ்அப் வழியாக மற்ற நிறுவனங்களுக்கு விற்கும் வேலை. அவளை அழைத்திருந்தது பெட்டாலிங் ஜெயாவில் சிறு தொழில்களுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனம்.

அவளுக்கு இந்த வேலை புதிதல்ல. ஈராண்டுகள் வேறொரு நிறுவனத்தில் சிறு அலுவலகங்களுக்கு இணையச் சேவையைத் தொலைபேசி வழியாக விற்றிருக்கிறாள். அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். அதன்பின் போன முதல் நேர்முகத் தேர்வில் கேட்ட முதல் கேள்வியிலேயே தடுக்கி விழுந்திருக்கிறாள்.

“போன வருஷம் உங்க டார்கெட் எவ்வளவு, எவ்வளவு முடிச்சீங்கன்னு கேட்டாங்கக்கா. நல்லாத்தான் செஞ்சேன்னு சொன்னேன். அதோட அவங்க முகம் மாறிடுச்சு.”

சம்பளச் சீட்டில் இருக்கிறது பதில்

நான் விற்பனை செய்தவள் இல்லை. ஆனால் எங்கள் வானொலியின் விளம்பரப் பிரிவில் இதே வேலையைச் செய்யும் மூத்த நண்பர் ஒருவர் இருக்கிறார். ஆட்களைத் தேர்வு செய்கிறவரும் அவர்தான். அவரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “அவங்ககிட்ட பழைய சம்பளச் சீட்டு இருக்கா?”

இருந்தது. ஒவ்வொரு மாதச் சீட்டிலும் கமிஷன் கணக்கோடு அந்த மாத இலக்கும் அடைந்த தொகையும் அச்சாகியிருந்தன. நீல நோட்டில் நாள்தோறும் அவள் போட்டுவைத்த கோடுகள்: எத்தனை அழைப்பு, எத்தனை பேர் பேசினார்கள், எத்தனை பேர் விலைப்பட்டியல் கேட்டார்கள். வேலையை விட்ட பிறகு நிறுவனத்தின் கணினிக்குள் நாம் போக முடியாது. ஆனால் சம்பளச் சீட்டும் சொந்த நோட்டும் நம்மிடமே இருக்கும். மேசையில் அவற்றைப் பரப்பி, கடைசி 12 மாதங்களைக் கூட்டினோம்.

ஒரு நாளைக்கு 60 அழைப்புகள். மாதம் 20 வேலை நாள் என்றால் 1,200. அதில் ஐந்தில் ஒருவர்தான் எடுத்துப் பேசுகிறார். அது 240 உரையாடல். அவர்களில் பத்தில் ஒருவர் விலைப்பட்டியல் கேட்கிறார், அது 24. ஓர் ஒப்பந்தத்தின் சராசரி மதிப்பு ஆண்டுக்கு 3,600 ரிங்கிட். மாத இலக்கு 20,000 ரிங்கிட்.

ஆண்டு முழுவதும் அவள் முடித்தவை 62 ஒப்பந்தங்கள், அதாவது 223,200 ரிங்கிட். ஆண்டு இலக்கு 240,000. ஆக 93 விழுக்காடு.

அவள் முகம் வாடிவிட்டது. “நூறு வரலையேக்கா. நவம்பர் மாசம் மட்டும் நூத்திருபதுக்கு மேல போனேன். அதையே சொல்லிடவா?”

எந்த எண்ணைச் சொல்வது?

நண்பரிடம் இதைக் கேட்டபோது சிரித்தார். ஒரே ஒரு மாதத்தைச் சொன்னால், அடுத்த கேள்வி “அதற்கு முந்தைய மாதம்?” என்பதாகத்தான் இருக்கும். அதற்கும் முந்தையதைக் கேட்பார்கள். மூன்றாவது கேள்வியில் குட்டு வெளிப்பட்டுவிடும். கேட்கிறவர் தேடுவது மிகப்பெரிய எண்ணை அல்ல. தன் எண் எப்படி வந்தது என்று இவளுக்குத் தெரிகிறதா என்பதைத்தான்.

அதனால் ஆண்டை இரண்டாகப் பிரித்துப் பார்த்தோம். முதல் ஆறு மாதத்தில் 26 ஒப்பந்தங்கள். இலக்கில் 78 விழுக்காடு. அடுத்த ஆறு மாதத்தில் 36, 108 விழுக்காடு. இரண்டு பாதியிலும் அழைப்புகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். விலைப்பட்டியல் கேட்டவர்களும் மாதத்துக்கு 24 பேர்தான். அப்படியென்றால் மாறியது எது? விலைப்பட்டியல் வாங்கியவர்களில் முதல் பாதியில் நூற்றுக்கு 18 பேர் கையெழுத்திட்டார்கள்; இரண்டாம் பாதியில் 25 பேர்.

“ஜூலையில என்ன மாத்தினே?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவளே கண்டுபிடித்தாள். அதுவரை விலையை அனுப்பிவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை “பார்த்தீங்களா சார்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஜூலையிலிருந்து முதல் அழைப்பிலேயே “இப்போ இருக்கிற ஒப்பந்தம் எப்போ முடியுது?” என்று கேட்டு, தேதியை நோட்டில் குறித்து, அதற்கு ஆறு வாரத்துக்கு முன் திரும்பக் கூப்பிட ஆரம்பித்திருக்கிறாள். பாதி வழியில் ஒப்பந்தத்தை முறித்தால் அபராதம் கட்ட வேண்டும் என்பதால்தான் பலர் நழுவியிருந்தார்கள். தேதி நெருங்கியதும் அவர்களே கேட்கத் தொடங்கினார்கள்.

அவள் சொல்ல வேண்டிய பதில் அதுதான். நான்கு வாக்கியங்களில் எழுதிவைத்தோம்:

“என் ஆண்டு இலக்கு 240,000 ரிங்கிட். அதில் 93 விழுக்காடு அடைந்தேன். முதல் ஆறு மாதம் 78, அடுத்த ஆறு மாதம் 108. ஒப்பந்தம் முடியும் தேதியைக் கேட்டுத் திரும்ப அழைக்கத் தொடங்கியதால், விலைப்பட்டியல் வாங்கியவர்களில் கையெழுத்திட்டவர்கள் நூற்றுக்கு 18-லிருந்து 25 ஆனார்கள்.”

கவனித்துப் பாருங்கள். இதில் எந்த எண்ணும் தனியாக நிற்கவில்லை. இலக்கு சொன்னால்தான் அடைந்தது புரியும். கால அளவு சொன்னால்தான் இலக்கு புரியும். காரணம் சொன்னால்தான் மாற்றம் நம்பும்படி இருக்கும்.

சொல்லக் கூடாத எண்களும் உண்டு. பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பெயர்கள், அது கொடுத்த சிறப்புத் தள்ளுபடி விகிதம், மொத்த வருமானம் ஆகியவை நமக்குச் சொந்தமானவை அல்ல. அவற்றை இங்கே கொட்டுகிறவர், நாளைக்கு நம் கதையையும் வேறிடத்தில் கொட்டுவார் என்றுதான் எதிரே இருப்பவர் நினைப்பார். தன் இலக்கு, தன் விழுக்காடு, தன் சராசரி போதும்.

இன்னொன்றும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சில நிறுவனங்களில் இந்த வேலை, சந்திப்பை ஏற்பாடு செய்து வேறொருவரிடம் ஒப்படைப்பதோடு முடிந்துவிடும். அங்கே ரிங்கிட் கணக்கைவிட, மாதம் எத்தனை சந்திப்பு குறித்தீர்கள், அதில் எத்தனை பேர் சொன்னபடி வந்தார்கள் என்பதுதான் பேசும். விளம்பரத்தில் இது தெளிவாக இல்லையென்றால், தேர்வுக்கு அழைத்தவரிடமே முன்கூட்டி மின்னஞ்சலில் கேட்டுவிடலாம்.

தலைகீழ்க் கணக்கு

நண்பர் ஒரு கேள்வியைக் கட்டாயம் எதிர்பார்க்கச் சொன்னார். “எங்கள் மாத இலக்கு இவ்வளவு. அதை எப்படி அடைவீர்கள்?” இதற்குக் “கடுமையாக உழைப்பேன்” என்று பதில் சொல்கிறவர்கள்தான் அதிகமாம். இது உண்மையில் கணக்குக் கேள்வி.

ஒத்திகைக்கு ஓர் இலக்கை நாங்களே வைத்தோம். மாதம் 24,000 ரிங்கிட். ஒரு வாடிக்கையாளர் ஆண்டுக்குக் கட்டுவது 2,400. அப்படியானால் பத்து வாடிக்கையாளர்கள் வேண்டும். நான்கில் ஒருவர் கையெழுத்திடுவார் என்றால் 40 பேருக்கு மென்பொருளைக் காணொளியில் காட்ட வேண்டும். பேசுகிறவர்களில் பத்தில் ஒருவர்தான் சம்மதிப்பார் என்றால் 400 உரையாடல். ஐந்தில் ஒருவர்தான் எடுப்பார் என்றால் 2,000 அழைப்புகள். ஒரு நாளைக்கு நூறு.

“நூறு முடியும்னு சொல்லிடவா அக்கா?”

“40 பேருக்குக் காட்டணுமே, ஒருத்தருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

“முக்கால் மணி நேரம்.”

அதுவே 30 மணி நேரம். ஏறக்குறைய நான்கு வேலை நாள். மீதி 16 நாளில் 2,000 அழைப்பு என்றால் நாளுக்கு 125. விலைப்பட்டியல் எழுதவும் திரும்பக் கூப்பிடவும் நேரமே இல்லை. இந்த இடத்தில்தான் அவளுக்கு நல்ல கேள்வி ஒன்று கிடைத்தது: “எல்லா அழைப்பும் முன்பின் தெரியாதவர்களுக்கா, அல்லது உங்கள் இணையப் பக்கத்தில் விசாரித்தவர்களும் உண்டா? பாதிப் பேர் தாமாக விசாரித்தவர்கள் என்றால் என் கணக்கு மாறும்.” கணக்கை முடித்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்பது, “முடியும் சார்” என்று தலையாட்டுவதைவிட நூறு மடங்கு மேல் என்றார் நண்பர்.

நான் பட்டறை முதலாளி ஆனேன்

அடுத்து ரோல் பிளே. நான் ஷா ஆலாமில் 18 பேரை வைத்து வேலை வாங்கும் இரும்புப் பட்டறை முதலாளி. அவள் என்னை முதல்முறையாகக் கூப்பிடுகிறாள். கைப்பேசியில் பதிவு செய்தோம். தேர்வு ஆங்கிலத்தில்தான் நடக்கும். பாதியில் மலாய்க்கு மாறினாலும் மாறுவார்கள். இரண்டிலும் பயிற்சி செய்தோம். இங்கே தமிழில் தருகிறேன்.

முதல் முறை நான்கு நிமிடம் ஓடியது. பதிவைக் கேட்டபடி நேரத்தைக் குறித்தேன். அவள் பேசியது மூன்று நிமிடம் பத்து விநாடி. நான் பேசியது ஐம்பது விநாடி. மென்பொருளின் எல்லாச் சிறப்புகளையும் சொல்லிவிட்டாள். என்னிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. “இந்தப் பேனாவை எனக்கு விற்றுக் காட்டுங்கள்” என்ற பழைய கேள்வியிலும் பலர் விழுவது இதே குழியில்தான். பேனாவின் பெருமையைப் பாடுவார்களே தவிர, “கடைசியா எப்போ பேனா வாங்குனீங்க, எதுக்கு?” என்று கேட்க மாட்டார்கள்.

இரண்டாவது முறை இப்படி ஆரம்பித்தாள்:

“வணக்கம் சார். நீங்க எதிர்பார்க்காத அழைப்பு இது, தெரியும். முப்பது விநாடியில எதுக்குன்னு சொல்லிடுறேன், வேண்டாம்னா வச்சிடலாம். உங்களை மாதிரி சின்னப் பட்டறைங்களோட பேசிக்கிட்டு வர்றோம். ஓவர்டைம், இபிஎஃப், சொக்சோ எல்லாத்தையும் 15ஆம் தேதிக்குள்ள முடிக்கிறதுதான் பெரிய தலைவலிங்கிறாங்க. உங்க இடத்துல அதை யார் பார்க்கிறாங்க?”

“என் வீட்டம்மாதான். எக்ஸெல்ல போடுறாங்க.”

“எத்தனை பேருக்கு சார்?”

“பதினெட்டுப் பேரு.”

“மாசம் எவ்வளவு நேரம் ஆகுது அவங்களுக்கு?”

“ரெண்டு நாள் முழுசா போயிடும்.”

“ஓவர்டைம்ல எப்பவாவது தப்பு வந்திருக்கா?”

“ஏன் வராம? பொது விடுமுறைல செஞ்ச ஓவர்டைமுக்கு மூணு மடங்குக்குப் பதிலா ரெண்டு மடங்கு போட்டுட்டாங்க. பையன் சண்டைக்கு வந்துட்டான்.”

நான்கே கேள்விகள். வாடிக்கையாளரே தன் வலியைச் சொல்லிவிட்டார். இதற்கு அவள் தயாரிக்க வேண்டியிருந்தது மென்பொருளைப் பற்றி அல்ல, சம்பளக் கணக்கைப் பற்றி: சேமநிதி, சொக்சோ, மாதாந்திர வரிப் பிடித்தம் ஆகியவற்றை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும், வேலைச் சட்டப்படி சாதாரண நாளின் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, ஓய்வு நாளில் இரண்டு, பொது விடுமுறையில் மூன்று. விற்கும் பொருள் எதுவானாலும், அதை வாங்குகிறவரின் மாதம் எப்படி ஓடுகிறது என்று ஒரு பக்கம் தெரிந்துவைத்திருந்தால், கேள்விகள் தாமாக வரும்.

“மின்னஞ்சல் அனுப்புங்க”

தேர்வாளர்கள் தவறாமல் போடும் முட்டுக்கட்டைகள் இரண்டு. முதலாவது, “சரி, மின்னஞ்சல் அனுப்புங்க, பார்க்கிறேன்.” முதல் முறை அவள் “கண்டிப்பா சார், நன்றி” என்று வைத்துவிட்டாள். அழைப்பு அங்கேயே செத்துவிட்டது. இரண்டாவது முறை: “கண்டிப்பா அனுப்புறேன் சார். தேவையில்லாததை எல்லாம் அனுப்பி உங்க நேரத்தை வீணாக்க வேணாம். ஓவர்டைம் கணக்கு எப்படி வருதுன்னு மட்டும் அனுப்பவா, இல்ல விலையும் சேர்த்தா?” இப்படிக் கேட்டால் நிஜமாகவே ஆர்வம் இருப்பவர் பதில் சொல்வார். இல்லாதவர் “வேண்டாம்மா” என்பார். அப்படிச் சொன்னால் நன்றி சொல்லிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும். வேண்டாம் என்றவரைத் துரத்தாமல் விடுவதையும் தேர்வாளர் கவனிப்பார்.

இரண்டாவது முட்டுக்கட்டை விலை. “மாசம் இருநூறா? எக்ஸெல் சும்மாதானே கிடைக்குது!” என்றேன். அவள் உடனே, “உங்களுக்காகப் பத்து விழுக்காடு குறைச்சுக்கலாம் சார்” என்றாள். பதிவை அங்கேயே நிறுத்தினேன். கேட்காத தள்ளுபடியை யார் தரச் சொன்னது? தள்ளுபடி தர அந்த நிறுவனம் அனுமதிக்குமா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

மறுபடி வைத்தோம். “வீட்டம்மாவுக்கு ரெண்டு நாள், அதாவது 16 மணி நேரம் ஆகுதுன்னு சொன்னீங்க சார். இருநூறு ரிங்கிட்டை அதால வகுத்தா மணிக்குப் பன்னிரண்டரை. அந்த நேரத்துல பாதி மிச்சமானா, உங்களுக்கு அது சரியா வருமா?”

கேட்டுவிட்டு உடனே அவள் அடுத்த வாக்கியத்துக்குத் தாவினாள். வானொலியில் எங்களுக்கு மூன்று விநாடி மௌனம் என்றால் நெஞ்சு படபடக்கும்; நேயர் அலைவரிசையை மாற்றிவிடுவாரோ என்று பயம். விற்பனையில் அது நேரெதிர். விலையைச் சொல்லிக் கேள்வி கேட்ட பிறகு வரும் மௌனம் வாடிக்கையாளருக்குச் சொந்தம். அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். மனசுக்குள் ஐந்து எண்ணச் சொன்னேன். எண்ணி முடிப்பதற்குள் நானே, “பாதி மிச்சமானா சரிதான்” என்று சொல்லிவிட்டேன், முதலாளி வேடத்தில்!

முடிவும் முக்கியம். “யோசிச்சுட்டு சொல்லுங்க” என்று முடித்தால் ரோல் பிளேயில் மதிப்பெண் போய்விடும். “புதன்கிழமை 11 மணிக்கு இருபது நிமிஷம். வீட்டம்மாவும் இருந்தா நல்லது, தினமும் பயன்படுத்தப் போறது அவங்கதானே. உங்க போன மாச ஓவர்டைம் கணக்கையே போட்டுக் காட்டுறேன்” என்றாள். நாள், நேரம், யார் வர வேண்டும், என்ன நடக்கும் என்ற நான்கும் அதில் இருந்தன. இந்த முறை அவள் பேசியது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு.

அவர்கள் உண்மையில் பார்ப்பது

நண்பர் கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் புதிது. ரோல் பிளே முடிந்ததும் தேர்வாளர் ஒரு குறையைச் சொல்லி, “மறுபடி செய்து காட்டுங்கள்” என்பாராம். அதைக் கேட்டுத் தோற்றுவிட்டதாக நினைக்கக் கூடாது. முதல் சுற்றைவிட இரண்டாம் சுற்றைத்தான் அவர் கூர்ந்து பார்க்கிறார்: சொன்ன குறையைத் திருத்துகிறாரா, அல்லது “நான் ஏன் அப்படிச் செய்தேன் என்றால்” என்று வாதாடுகிறாரா? அதனால் குறை சொல்லும்போது எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாம் சுற்றில் மற்றதை எல்லாம் மாற்றாமல், அந்த ஒன்றை மட்டும் திருத்திக் காட்டினால் போதும்.

வியாழக்கிழமை மதியம் அழைப்பு வந்தது. எதிர்பார்த்தபடி எண்களில் ஆரம்பித்திருக்கிறார்கள். 93 என்று சொன்னதும், “அந்த 78-க்கு என்ன காரணம்?” என்று கேட்டிருக்கிறார்கள். ஒப்பந்தத் தேதி கதையைச் சொல்லியிருக்கிறாள். பத்து நிமிடம் அதைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். ரோல் பிளேயில் “கேள்விகளை ரொம்ப வேகமா கேக்குறீங்க, விசாரணை மாதிரி இருக்கு” என்று சொல்லி மறுபடி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு ஒரு வரி திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்ததைக் கேட்டிருக்கிறாள்.

கடைசியில் “உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கா?” என்றபோது, நாங்கள் எழுதிவைத்திருந்த இரண்டையும் கேட்டிருக்கிறாள். கமிஷன் கையெழுத்தானதும் வருமா, வாடிக்கையாளர் பணம் கட்டிய பிறகா? போன ஆண்டு உங்கள் குழுவில் எத்தனை பேர் இலக்கை எட்டினார்கள்?

“எட்டுப் பேர்ல மூணு பேருதானாம் அக்கா. மத்த அஞ்சு பேர்ல நாலு பேரு சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகலையாம். நீங்க கேட்டதாலதான் சொல்றோம், இதுவரை யாரும் கேட்டதில்லைன்னாங்க.”

“நீ என்ன நினைக்கிறே?”

“அந்த மூணு பேரு எவ்வளவு நாள்ல இலக்கைத் தொட்டாங்கன்னு அடுத்த சுற்றுல கேக்கணும். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்காங்க.”

பின்னணியில் நோட்டுப் பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

“அக்கா, பட்டறை முதலாளி சனிக்கிழமை ஃப்ரீயா?”